தாதியர் அவுஸ்பில்டுங்: மகளின் விண்ணப்பக் கடிதத்தில் என்ன பிழை?

ஹம்_வாசி
13.09.2025

மகள் இங்கே ஜெர்மனியில் ரியால்ஷூலே என்ற இடைநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தாதியர் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போட்டாள். ஒன்று மறுத்துவிட்டது, மற்றது வாயே திறக்கவில்லை. கடிதம் நன்றாக இருக்கிறது என்று வகுப்பாசிரியை சொன்னாராம். எனக்கு டொச் கதைக்க வரும். ஆனால் ஒரு கடிதம் எடுபடுமா படாதா என்று பார்த்துச் சொல்ல வராது.

அதில் இருப்பது இதுதான். விண்ணப்பிக்கிறேன் என்று தொடக்கம். சின்ன வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ ஆசை, குழுவாக வேலை செய்வேன், சுமை தாங்குவேன், நேரம் தவற மாட்டேன் என்று ஒரு பந்தி. பிறகு அம்மம்மா நோயில் கிடந்ததும் இவள் பக்கத்தில் இருந்ததும் அரைப் பக்கம். கணிதத்தில், 1 நல்லது 6 மோசம் என்ற கணக்கில், 4 வாங்கியதற்கு மன்னிப்பு. கடைசியில் நன்றி. எல்லாமாக இரண்டு பக்கம். எங்கே பிழை?

நெடுஞ்சாலை
13.09.2025

அக்கா, ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ. ஆளில்லாமல் அலைகிறார்கள், கடிதத்தை யார் வாசிக்கிறான்? அதே கடிதத்தை முப்பது இடத்துக்கு அடித்து விடுங்கோ, மூன்றாவது வராட்டி கேளுங்கோ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் தாதியர் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினால் அவர்களே ஆஸ்பத்திரி பிடித்துத் தருவார்கள். முதல் வருடமே 1,400 யூரோ கிடைக்கும் தொழில், அதையும் எழுதச் சொல்லுங்கோ, ஆர்வம் தெரியும். என்ன, முதல் மாதமே இரவு வேலை போடுவான், அதற்கு மட்டும் பிள்ளையைத் தயார்படுத்துங்கோ.

ஏழாம்மாடி
14.09.2025

அண்ணை சொன்னதில் பாதி சரி. ஆள் தட்டுப்பாடு உண்மை. பொது ஆஸ்பத்திரிகளின் சம்பள ஒப்பந்தப்படி முதல் வருடம் கிட்டத்தட்ட அவ்வளவு வருவதும் உண்மை. மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நான் ரூர் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. வார்டில் பயிற்சிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் நான்தான், நேர்முகத்துக்கு வருகிறவர்களின் கடிதங்களும் என் கைக்கு வரும்.

முதலில், கடிதம் யாருக்கு? 2020இல் புதுச் சட்டம் வந்த பிறகு முதியோர், ஆஸ்பத்திரி, குழந்தைகள் என்று தனித்தனியாக இருந்த பயிற்சிகள் ஒன்றாகிவிட்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது நடைமுறைப் பயிற்சி தரும் இடம். அது ஆஸ்பத்திரியாக, முதியோர் இல்லமாக, வீடு வீடாகப் போகும் சேவையாக இருக்கலாம். சம்பளம் தருவதும் அவர்கள்தான். பள்ளிக்கூடம் பாடம் நடத்தும். ஆஸ்பத்திரிக்குச் சொந்தப் பள்ளிக்கூடம் இருந்தால் இரண்டும் ஒரே மேசைக்கு வரும், அங்கே அண்ணை சொன்ன வழி சரிவரும். தனியாக இயங்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், அவர்களுக்கு மனமிருந்தால் கூட்டாளி இடங்களுக்குக் கை காட்டுவார்கள், இல்லாவிட்டால் கடிதம் அங்கேயே கிடக்கும். அந்த இரண்டு கடிதங்களும் யாருக்குப் போயின என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டாவது, கடிதத்தை வாசிக்கிறோம். ஆனால் கெட்டிக்காரியா என்று தேடுவதில்லை. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் "இது எனக்கு ஒத்துவராது" என்று ஒரு பிள்ளை போய்விட்டால் அந்த இடம் அந்த வருடம் முழுக்க வெறுமையாகத்தான் இருக்கும். அதனால் வாசிக்கும்போது மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளைக்கு எதற்குள் காலை வைக்கிறோம் என்று தெரியுமா? "உதவ ஆசை" என்று எழுதுகிற பிள்ளை வார்டைத் தொலைக்காட்சியில் பார்த்ததா நேரில் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. குழு, சுமை, நேரம் என்ற மூன்று சொல்லும் எல்லார் கடிதத்திலும் இருக்கும், கண் தானாகத் தாண்டிப் போகும்.

ஒன்பதாம் வகுப்பில் ப்ராக்டிகும், அந்த வேலை அனுபவ வாரங்கள், எங்கே செய்தாள்? அது ஏன் கடிதத்தில் இல்லை?

ஹம்_வாசி
14.09.2025

முதியோர் இல்லத்தில் மூன்று வாரம் செய்தாள். கடிதத்தோடு போகும் தன்விவரத் தாளான லேபென்ஸ்லவுஃபில் இருக்கிறதே என்று கடிதத்தில் விட்டுவிட்டாளாம். ஒரு கடிதம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறது, பதில் வராதது அதுதான்.

ஏழாம்மாடி
14.09.2025

லேபென்ஸ்லவுஃபில் இருப்பது "எங்கே, எப்போது". கடிதத்தில் வர வேண்டியது "அங்கே என்ன பார்த்தாள்". காலை உணவு நேரத்திலிருந்து மதியம் வரை என்ன செய்தாள் என்று பிள்ளையைக் கேட்டு எழுதுங்கள். பெரிய விஷயம் வேண்டாம், சின்னதாக இருக்கட்டும்.

கோவை_பிளஸ்டூ
15.09.2025

வணக்கம். நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், ஜெர்மன் ஏ2 போய்க்கொண்டிருக்கிறது. என் ஏஜென்ட் மோட்டிவேஷன் லெட்டர் எழுதித் தருகிறேன் என்கிறார். அந்தப் பெண்ணின் லெட்டரை இங்கே போட்டால் நானும் அதே மாதிரி எழுதிக்கொள்வேன். விசாவுக்கு இது போதுமா?

ஏழாம்மாடி
15.09.2025

தம்பி, இந்தப் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் முடிக்கிறாள், விசா கேள்வியே இல்லை. உங்கள் கதை வேறு. பயிற்சி விசாவுக்கு வழக்கமாக பி1 கேட்பார்கள், பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பி2 எதிர்பார்க்கும். பிளஸ் டூ சான்றிதழை இங்குள்ள படிப்புக்கு நிகராக ஏற்க வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கடிதம் பற்றி ஒன்று மட்டும். வேறு யாராவது எழுதித் தந்ததை வீடியோ நேர்முகத்தில் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கடிதத்தில் இருக்கும் ஒரு வரியை எடுத்து "அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்போம். கடிதம் சி1இல் இருக்கும், பேச்சு ஏ2இல் நிற்கும். அப்புறம் சங்கடம் எல்லாருக்கும்.

ஹம்_வாசி
17.09.2025

கேட்டேன். முதலில் "ஒன்றுமே செய்யவில்லை, சாப்பாடு கொடுத்தேன், மேசை துடைத்தேன்" என்றாள். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள். ஒரு ஐயா, [பெயரும் அறை எண்ணும் மட்டுநரால் நீக்கப்பட்டன], பாரிசவாதம் வந்தவர். இவளுக்கு அவர் குடிக்கும் அளவைத் தாளில் எழுதும் வேலை. மதியம் பார்த்தால் 300 மில்லிதான். தேநீர்க் கோப்பை நிரம்பியபடியே இருந்ததாம். ஐயாவுக்குத் தாகம் இல்லை என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். கோப்பை அவருடைய இடது பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்தை அவர் கவனிப்பதே இல்லை என்று இவளுக்குப் பட்டிருக்கிறது. தட்டிலும் இடது பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்ததாம். கோப்பையை வலது பக்கம் தள்ளி வைத்தாள், அவர் எடுத்துக் குடித்துவிட்டார். இதை எழுதலாமா?

ஏழாம்மாடி
17.09.2025

மட்டுநருக்கு நன்றி, அந்தப் பெயரை நானும் பார்த்துப் பதறிப்போனேன்.

அக்கா, இதைவிட நல்ல விஷயம் கடிதத்துக்குக் கிடைக்காது. ஆனால் முதலில் பெயரைப் பற்றி. ப்ராக்டிகும் தொடங்கும்போது இரகசியம் காப்பேன் என்று பிள்ளை ஒரு தாளில் கையெழுத்து வைத்திருப்பாள். அது இங்கேயும் பொருந்தும், கடிதத்திலும் பொருந்தும். "87 வயது, 12ஆம் அறை, திருமதி இன்னார்" என்று பாசத்தோடு எழுதி அனுப்பிய கடிதங்கள் எங்களுக்கு வந்திருக்கின்றன. எழுதிய பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் என் வார்டின் நோயாளி அடுத்த கடிதத்தில் வருவார் என்றுதான் எனக்குத் தோன்றும். பெயர், முதலெழுத்து, அறை, ஊர் எதுவும் வேண்டாம். "ஒரு குடியிருப்பாளர்" போதும். முதியோர் இல்லத்தில் இருப்பவரை நோயாளி என்று எழுத வேண்டாம், அவர் அங்கே குடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதை உடனே கவனிப்போம்.

அடுத்தது அதைவிட முக்கியம். "கோப்பையைத் தள்ளி வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுத விடாதீர்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்களுக்குச் சில இடங்களில் வேண்டுமென்றே பலவீனமான பக்கத்திலிருந்துதான் பேசுவார்கள், பொருளையும் அங்கேதான் வைப்பார்கள், மூளை அந்தப் பக்கத்தை மறக்கக்கூடாது என்று. இன்னொரு இடத்தில் நீர்ச்சத்து முக்கியம், முதலில் குடிக்கட்டும் என்பார்கள். எது சரி என்று தீர்மானிப்பது ப்ராக்டிகும் பிள்ளை இல்லை. விழுங்குவதில் சிக்கல் உள்ளவராக இருந்தால் தேநீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும், கிட்டே வைத்ததே ஆபத்தாகவும் முடியலாம். பிள்ளை அன்று அங்கிருந்த தாதியிடம் சொன்னாளா?

ஹம்_வாசி
17.09.2025

சொல்லியிருக்கிறாள். தாதி வந்து பார்த்து, அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் இவளையே சொல்ல வைத்தாராம். அதிலிருந்துதான் இந்த வேலை என்று முடிவு செய்தாளாம். எனக்கு இதெல்லாம் இன்றைக்குத்தான் தெரியும்.

ஏழாம்மாடி
18.09.2025

அப்படியானால் கடிதம் எழுதி முடிந்துவிட்டது. பார்த்தாள், அளவை எழுதினாள், பொறுப்பானவரிடம் சொன்னாள். வார்டில் முதல் வருடம் நாங்கள் கேட்பது முழுக்க அதுதான். அந்தக் காலைக் கூட்டமும் வரட்டும்.

மூன்றாம்_வருடம்
18.09.2025

நெடுஞ்சாலை அண்ணை, இரவு வேலை முதல் மாதம் இல்லை. பயிற்சியின் இரண்டாம் பாதியில்தான் வரும், மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் குறைந்தது 80 மணி, கூடினால் 120 மணி, அதுவும் ஒரு தாதியோடு சேர்ந்துதான். தங்கச்சிக்குப் பதினெட்டு ஆகாவிட்டால் மாலை ஷிப்ட் இரவு 11க்கு மேல் போகக்கூடாது, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பதினேழு வயதுப் பிள்ளைக்காக அட்டவணையையே மாற்றினார்கள்.

என் கதை வேறு. நான் ஹவுப்ட்ஷூலே ஒன்பதோடு நின்றவன். நேரே இந்தப் பயிற்சிக்கு விட மாட்டார்கள், பத்து வருடப் படிப்பு வேண்டும். இங்கே நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில் ஒரு வருட உதவியாளர் பயிற்சி இருக்கிறது, அதை முடித்துத்தான் உள்ளே வந்தேன். கடிதத்தில் அதை ஒளிக்காமல் முதல் பந்தியிலேயே எழுதினேன். கணிதம் எனக்கு 5. மருந்துக் கணக்கு இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாரும் அந்த 5 பற்றிக் கேட்கவே இல்லை.

வரிக்குவரி
18.09.2025

கேட்கவில்லை என்பதற்காக எழுதாமல் விடுவதா? மதிப்பெண் தாளில் தெரியத்தான் போகிறது. மறைத்தது போல் இருக்கும். ஒரு வரி விளக்கம் நல்லது என்பது என் கருத்து.

ஏழாம்மாடி
19.09.2025

மதிப்பெண் தாள் இணைப்பில் இருக்கும்போது மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கடிதம் ஒரே பக்கம். மன்னிப்புக்கு இரண்டு வரி கொடுத்தால் வாசிக்கிறவர் முதலில் தேடிப் போவது அந்த 4ஐத்தான். நான் அந்தத் தாளில் பார்ப்பது வேறொன்று: அனுமதியில்லாமல் வராத மணித்தியாலங்கள். காலை ஆறுக்கு ஷிப்ட் தொடங்கும் இடத்தில் கணிதம் 4ஐவிட அதுதான் உறுத்தும். அது சுழியமாக இருந்தால் "நேரம் தவற மாட்டேன்" என்று கடிதத்தில் எழுதவே தேவையில்லை. நிறைய இருந்தால், அதற்கு விளக்கமும் இருந்தால், ஒரு வரி எழுதலாம். அங்கே வரிக்குவரி சொல்வது சரி.

ஹம்_வாசி
19.09.2025

சுழியம். பல்லுக்குக் கம்பி போடப் போன மணித்தியாலங்கள் மட்டும், அதற்குச் சீட்டு கொடுத்தோம்.

அம்மம்மா பந்தியை எடுக்கச் சொன்னால் அழுகிறாள். எனக்கும் மனம் வரவில்லை. என் அம்மாவுக்கு இரண்டு வருடம் டயலிசிஸ், வாரத்தில் மூன்று நாள் கூட்டிப் போய் வந்தோம். டாக்டரிடம் மொழிபெயர்த்ததும் இவள்தான்.

ஏழாம்மாடி
19.09.2025

எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்ட கதை பத்துக் கடிதத்தில் ஆறில் இருக்கும். வாசிக்கும்போது மனம் இளகும், ஆனால் அந்தத் துயரத்திலிருந்து பிள்ளை வெளியே வந்துவிட்டாளா, வார்டில் அதே வயதுப் பாட்டி இறந்தால் தாங்குவாளா என்ற கேள்வியும் கூடவே வரும்.

மூன்றாம்_வருடம்
20.09.2025

அக்கா, நான் எழுதினேனே. என் அப்பப்பா பற்றி. எடுத்தார்கள்.

ஏழாம்மாடி
20.09.2025

இரவு முழுக்க இதை யோசித்தேன். தம்பியும் எழுதியதால் சொல்கிறேன், முழுவதும் எடுக்கத் தேவையில்லை. அரைப் பக்கம் வேண்டாம், ஒரு வாக்கியம் இருக்கட்டும், அதில் துயரம் வராமல் செய்தது வரட்டும். "இரண்டு வருடம் என் பாட்டியை டயலிசிஸுக்கு அழைத்துப் போனேன், மருத்துவர் சொன்னதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்." அதோடு நிற்க வேண்டும். இறந்ததை எழுத வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால் சொல்லட்டும், கண் கலங்கினாலும் பரவாயில்லை. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிள்ளை என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும். தமிழ் தெரியும் என்பதற்குத் தனியாக இன்னொரு வரியும் தேவைப்படாது.

நெடுஞ்சாலை
20.09.2025

எங்கட பக்கம் பாதி ஆஸ்பத்திரி கத்தோலிக்கம், மீதி சீர்திருத்த சபை. சைவம் என்று தெரிந்தால் எடுப்பானா? காமாட்சி அம்மன் கோயில் தேருக்குத் தண்ணீர் கொடுத்ததைத் தொண்டு என்று எழுதலாமோ?

ஏழாம்மாடி
21.09.2025

சமயத்தை எழுதத் தேவையில்லை. சபைகளின் ஆஸ்பத்திரிகளில் என்னோடு படித்தவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள், சைவர்கள் இருந்தார்கள். தங்கள் வழிமுறையை மதித்து நடக்கிறீர்களா என்று நேர்முகத்தில் கேட்பார்கள், அவ்வளவுதான். தேர்த் தண்ணீரைத் தாராளமாக எழுதலாம், ஆனால் லேபென்ஸ்லவுஃபில், கோடைத் திருவிழாவில் தொண்டு என்று. வெயிலில் வயதானவர்களுக்கும் தண்ணீர் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

சம்பளத்தை எழுத வேண்டாம் அண்ணை. பணத்துக்காக வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை, ஆனால் கடிதத்தில் இருக்கும் ஒரு பக்கத்தில் அதற்கு இடம் இல்லை.

ஹம்_வாசி
27.09.2025

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே டொச்சில் எழுதினாள். நான் இங்கே தமிழில் சொல்கிறேன், உள்ளடக்கம் சரியா பாருங்கள்.

"தொலைபேசியில் நீங்கள் சொன்னபடி என் விண்ணப்பத்தை அனுப்புகிறேன். நான் ரியால்ஷூலேயில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன், 2026 கோடையில் முடிப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வாரம் ப்ராக்டிகும் செய்தேன். உணவு பரிமாறினேன், சிலருக்குச் சாப்பிட உதவினேன், குடித்த அளவைத் தாளில் குறித்தேன். ஒரு குடியிருப்பாளர் மதியம் வரை மிகக் குறைவாகக் குடித்திருப்பதைக் கவனித்தேன். கோப்பையும் தட்டின் ஒரு பாதியும் தொடாமல் இருந்தன, இரண்டும் ஒரே பக்கம். பொறுப்பிலிருந்த தாதியிடம் சொன்னேன். பாரிசவாதத்துக்குப் பிறகு சிலர் ஒரு பக்கத்தைக் கவனிப்பதில்லை என்று அவர் எனக்கு விளக்கினார், மறுநாள் கூட்டத்தில் நான் பார்த்ததை என்னையே சொல்லச் சொன்னார். அது ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் படிக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

உடம்பைக் கழுவுவதிலும் கழிவறைக்கு அழைத்துப் போவதிலும் உதவியாக நின்றேன். முதல் நாள் கடினமாக இருந்தது, இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது. என் பாட்டியை இரண்டு வருடம் டயலிசிஸுக்கு அழைத்துப் போனேன், மருத்துவர் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் பாரிசவாதப் பிரிவு இருப்பதால் உங்களிடம் விண்ணப்பிக்கிறேன். ஒரு நாள் வார்டில் வந்து பார்க்க அனுமதித்தால் மகிழ்ச்சி."

ஏழாம்மாடி
27.09.2025

கோப்பையைத் தள்ளி வைத்த வரியை அவளே விட்டுவிட்டாளே, கெட்டிக்காரி. "முதல் நாள் கடினமாக இருந்தது" என்பதை யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மலம், சிறுநீர், நாற்றம் எல்லாம் தெரிந்துதான் வருகிறாள் என்பது அதில் இருக்கிறது. எல்லாமே இனிமையாக இருந்தது என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பாரிசவாதப் பிரிவு பற்றிய வரிக்கு ஓர் எச்சரிக்கை. அது அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும். அடுத்த இடத்துக்கு அனுப்பும்போது அந்தப் பிரிவு அங்கே இருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். முப்பது இடத்துக்கு ஒரே கடிதம் போனால் நடப்பது இதுதான்: வேறொரு ஆஸ்பத்திரியின் பெயரோடு எங்களுக்கு வந்து சேரும். வருடத்துக்குச் சில வரும், மதிய இடைவேளையில் சிரிப்போம், பிறகு எடுத்து வைத்துவிடுவோம். ஐந்து இடம் போதும், ஒவ்வொன்றிலும் கடைசிப் பந்தி வேறாக இருக்கட்டும்.

சாப்பிட உதவுவதற்கு டொச்சில் என்ன எழுதினாள்? குழந்தைக்கு ஊட்டும் சொல்லா?

ஹம்_வாசி
27.09.2025

ஆம், அதுதான். மாற்றச் சொல்லவா?

ஏழாம்மாடி
27.09.2025

"எஸ்ஸன் அன்ரைஹன்" என்று மாற்றட்டும். பெரியவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

வரிக்குவரி
28.09.2025

உள்ளடக்கம் முடிந்தது என்றால் என் முறை. முகவரிகள், ஊர், தேதி. பொருள் வரி தடித்த எழுத்தில், அதற்கு முன்னால் "பொருள்" என்று எழுதக்கூடாது. அழைப்புக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். கடைசி வணக்கத்துக்குப் பின் காற்புள்ளி கிடையாது, ஆங்கிலக் கடிதம் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே ஒன்று வைத்துவிடுகிறார்கள். தொலைபேசியில் பேசியவரின் பெயரை அழைப்பில் எழுத வேண்டும், எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். எல்லாம் ஒரே பிடிஎஃப், கோப்பின் பெயரும் ஒழுங்காக:

```
Bewerbung um einen Ausbildungsplatz als Pflegefachfrau zum 01.09.2026
Bewerbung_Pflegefachfrau_Vorname_Nachname.pdf
```

முதல் வரி பொருள் வரியில், மின்னஞ்சலிலும் அதுவே. "பூனைக்குட்டி2009" என்பது போன்ற மின்னஞ்சல் முகவரி இருந்தால் இன்றைக்கே புதியது திறக்கவும்.

ஹம்_வாசி
28.09.2025

எப்படித் தெரியும்?! பூனை இல்லை, யூனிகார்ன். மாற்றிவிட்டோம்.

படம் வைக்கலாமா? ஆசிரியை வேண்டாம் என்கிறார், என் அண்ணன் கட்டாயம் வேண்டும் என்கிறார்.

வரிக்குவரி
28.09.2025

கட்டாயம் இல்லை, 2006இல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு யாரும் கேட்கக்கூடாது. நான் வைக்க மாட்டேன்.

மூன்றாம்_வருடம்
28.09.2025

நான் வைத்தேன். சிரித்த முகம் வேலை செய்யும்.

ஏழாம்மாடி
29.09.2025

எங்கள் மேசையிலேயே இதில் இரண்டு கட்சி. பிள்ளைக்கு விருப்பமான படம் இருந்தால் வைக்கட்டும், இல்லாவிட்டால் அதற்காக ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

நெடுஞ்சாலை
02.10.2025

என் மருமகனுக்கும் இப்படி ஒன்று எழுதித் தாங்கோ. அவன் ப்ராக்டிகும் செய்தது கார் கராஜில்.

ஏழாம்மாடி
02.10.2025

கராஜில் செய்தவன் கராஜுக்கு எழுதட்டும் அண்ணை. உண்மையிலேயே தாதியாக விருப்பமென்றால் இலையுதிர் விடுமுறையில் ஒரு வாரம் ஏதாவது இல்லத்தில் கேட்டுச் செய்யட்டும், தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் இடம் தருவார்கள். அதற்குப் பிறகும் விருப்பம் இருந்தால் கடிதத்துக்கு அவனிடமே விஷயம் இருக்கும்.

ஹம்_வாசி
21.10.2025

ஐந்து அனுப்பினோம். இரண்டிலிருந்து அழைப்பு, ஒன்றில் நேர்முகம், மற்றதில் ஒரு நாள் வார்டு. ஒன்று மறுப்பு. இரண்டு இன்னும் சத்தமில்லை. நேர்முகத்தில் முதல் கேள்வியே கோப்பையைப் பற்றித்தானாம். "தாதி வந்து என்ன செய்தார்?" என்று கேட்டார்களாம். கோப்பையை நடுவில் வைத்து, இடது பக்கமாக உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக் கோப்பை வரை கொண்டுபோனார் என்று சொன்னாளாம். தானே முதலில் வலது பக்கம் தள்ளி வைத்ததையும் சொல்லிவிட்டாள். அவர்கள் குறித்துக்கொண்டார்களாம். அது நல்லதா?

ஏழாம்மாடி
21.10.2025

குறித்தது எதற்கு என்று என்னால் சொல்ல முடியாது. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் நல்லது என்றுதான் குறித்திருப்பேன். கேட்காமலே சொன்னாள் அல்லவா.

வார்டு நாளுக்கு மூடிய, வழுக்காத சப்பாத்து, நகச்சாயம் இல்லாத குட்டை நகம், மோதிரமும் கைச்சங்கிலியும் வீட்டில்.

ஹம்_வாசி
22.10.2025

நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் இப்போதே எடுத்து வைக்கட்டுமா? தட்டம்மை ஊசி அட்டை இருக்கிறது.

ஏழாம்மாடி
22.10.2025

ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு தட்டம்மை ஊசியும் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நன்னடத்தைச் சான்று இப்போது வேண்டாம். இடம் உறுதியான பிறகு அவர்களே ஒரு கடிதம் தருவார்கள், அதைக் கொண்டு நகரசபைக்குப் போக வேண்டும். பழைய சான்றை ஏற்க மாட்டார்கள், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பதினெட்டு ஆகாததால் மருத்துவப் பரிசோதனையும் உண்டு, அது வேலை தொடங்குவதற்கு முந்தைய பதினான்கு மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். அதற்கான சீட்டை நகரசபையில் கேளுங்கள், சீட்டோடு போனால் டாக்டர் காசு வாங்க மாட்டார். அதை வசந்தத்தில் செய்தால் போதும்.